உரைப்பத்தி வினாக்களில் எது பழுது? வகுப்புத் தேர்வுக்குப் பின் செய்யும் வினாப் பகுப்பாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, 40 மாணவர்கள், இரண்டு உரைப்பத்திகள், மொத்தம் 20 பலவுள் தெரிக வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவுகள். மாணவர் எண்ணிக்கைகள் கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்தவை. முதல் பத்தி இது:

"1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடக்கத் தொடங்கினர். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தோர்ன் அறிவித்தார். ஊர் மக்கள் நேரில் உணவு பரிமாறுவதைத் தவிர்த்தனர். ஆனால் தொண்டர்கள் செல்லும் வழியெங்கும் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியவர் யார் என்று கேட்டால் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. ஏப்ரல் 28 அன்று அணி வேதாரண்யத்தை அடைந்தது. 30 அன்று தடையை மீறி உப்பு அள்ளிய ராஜாஜி கைது செய்யப்பட்டார்."

விடைத்தாள் திருத்தி மதிப்பெண் போட்டாகிவிட்டது. இனி எங்கிருந்து தொடங்குவது?

விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். அதிகம் எடுத்தவர் மேலே, குறைவாக எடுத்தவர் கீழே. நாற்பது தாள்களையும் நடுவில் பிரித்தால் மேல்பாதி 20, கீழ்பாதி 20. இருபதாவது தாளும் இருபத்தொன்றாவது தாளும் ஒரே மதிப்பெண்ணாக இருந்தால் சீட்டுக் குலுக்கி ஒன்றை மேலே வையுங்கள். 'இவன் நன்றாகப் படிப்பவன்தானே' என்று நினைத்து நாமே மேலே தள்ளக்கூடாது.

பிறகு ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு எண்களை மட்டும் எண்ண வேண்டும்: மேல்பாதியில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், கீழ்பாதியில் எத்தனை பேர். இரண்டையும் கூட்டி 40-ஆல் வகுத்தால் கடினநிலை. மேல்பாதி எண்ணிலிருந்து கீழ்பாதி எண்ணைக் கழித்து 20-ஆல் வகுத்தால் வேறுபடுத்தும் திறன். கடினநிலையை p என்றும் வேறுபடுத்தும் திறனை D என்றும் சுருக்கி எழுதுவது வழக்கம்.

எடுத்துக்காட்டாக 7ஆம் வினா: "ஆட்சியரின் அறிவிப்பை ஊர் மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர்?" மேல்பாதியில் 16 பேர், கீழ்பாதியில் 7 பேர் சரி. 23-ஐ 40-ஆல் வகுத்தால் p = 0.58. வித்தியாசம் 9; அதை 20-ஆல் வகுத்தால் D = 0.45. பத்தியைப் புரிந்துகொண்டவரையும் புரிந்துகொள்ளாதவரையும் இந்த வினா நன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது.

p-யைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எண் பெரிதாக ஆக வினா எளிது. 0.90 என்றால் பத்தில் ஒன்பது பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள்.

பி.எட். படிக்கும்போது மேல் 27%, கீழ் 27% என்று சொல்லிக்கொடுத்தார்களே?

அது உளவியலாளர் ட்ரூமன் கெல்லி 1939இல் காட்டிய கணக்கு. மதிப்பெண்கள் மணி வடிவில் பரவியிருக்கும் பெரிய கூட்டத்துக்கு அந்த விகிதம் மிகப் பொருத்தமானது. இரண்டு முனைகளும் நன்றாக விலகியும் இருக்கும், இரண்டிலும் போதிய ஆட்களும் இருப்பார்கள். நான்கைந்து பிரிவுகளைச் சேர்த்து 200 மாணவர் விடைத்தாள் கையில் இருந்தால் அப்படியே செய்யுங்கள்.

நாற்பது பேரில் 27% எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 11 பேர்தான். ஒரே ஒரு மாணவர் கை தவறி வேறு தெரிவில் குறித்தாலும் D 0.09 நகர்ந்துவிடும். நடுவிலுள்ள 18 பேரின் விடையும் வீணாகும். அதனால்தான் ஒற்றை வகுப்புக்குப் பாதிப் பாதியாகப் பிரிப்பதை நான் விரும்புகிறேன்.

இதில் ஒரு விலையும் உண்டு. நடுத்தர மாணவர்களும் இரு பக்கமும் சேர்வதால் D கொஞ்சம் தாழ்ந்து வரும். பாடநூல்களில் காணப்படும், தேர்வு அளவீட்டு அறிஞர் ராபர்ட் ஈபலின் வரம்புகள் (0.40க்கு மேல் மிக நன்று, 0.20க்குக் கீழே நீக்கு அல்லது மாற்று என்பவை) முனைக் குழுக்களை மனத்தில் வைத்தவை. பாதிப் பாதியாகப் பிரித்தவர் அவற்றை அதே கண்டிப்புடன் பயன்படுத்தினால் நல்ல வினாக்கள் சிலவும் அடிபடும். என் கைக்கணக்கு இது: மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் இடையே வகுப்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாற்பதுக்கு நான்கு பேராவது வித்தியாசம் இருந்தால் அந்த வினாவை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

p 0.53 வந்தது, சரியான நடுத்தர வினா. ஆனால் D மைனஸில் வருகிறது. கணக்கில் தப்பு செய்துவிட்டேனா?

கணக்கு சரியாக இருக்கலாம், வினாதான் தவறு. உரைப்பத்தித் தேர்வில் மிக அதிகம் கற்றுக்கொடுப்பது இந்த வகைதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

5ஆம் வினா: "ஊர் மக்கள் தொண்டர்களுக்கு நேரில் உணவு பரிமாறாததற்குக் காரணம் என்ன?"

அ) தண்டனைக்கு அஞ்சினர்
ஆ) அவர்களிடம் உணவு இல்லை
இ) அறிவிப்புக்கு உட்பட்டதுபோல் இருந்துகொண்டே உதவ நினைத்தனர்
ஈ) தொண்டர்களை வெறுத்தனர்

விடைக்குறிப்பில் 'அ'. இனி சரி, தவறு என்பதோடு நிற்காமல், எந்தத் தெரிவை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று பிரித்து எழுதுங்கள்.

| | அ (விடை) | ஆ | இ | ஈ |
|---|---|---|---|---|
| மேல்பாதி 20 | 8 | 0 | 12 | 0 |
| கீழ்பாதி 20 | 13 | 2 | 4 | 1 |

சரியாக எழுதியவர் மொத்தம் 21, p = 0.53. வித்தியாசம் 8 கழித்தல் 13, அதாவது −5; D = −0.25. p-யை மட்டும் பார்த்தால் இந்த வினாவைக் கேள்வித்தாள் தொகுப்பில் பத்திரமாக எடுத்து வைத்திருப்போம்.

தெரிவுவாரியாகப் பார்க்கும்போதுதான் கதை தெரிகிறது. மேல்பாதியில் சரிந்தவர்கள் நாலாபுறமும் சிதறவில்லை. பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில், 'இ'-யில் நிற்கிறார்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்த பன்னிரண்டு பேர் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்றால் அவர்களைத் திருத்துவதற்கு முன் பத்தியை நாம் மறுபடி படிக்க வேண்டும்.

வினா எழுதியவர் இரண்டு வாக்கியங்களோடு நின்றிருக்கிறார்: ஆட்சியர் எச்சரித்தார், மக்கள் பரிமாறுவதைத் தவிர்த்தனர், ஆகவே அச்சம். கீழ்பாதி மாணவர்களும் அங்கேயே நின்றார்கள். மேல்பாதி மாணவர்கள் அடுத்து வந்த 'ஆனால்' என்ற சொல்லைக் கவனித்தார்கள். மரக்கிளையில் பொட்டலம் தொங்குகிறது, கட்டியவரைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. வெறும் அச்சத்தால் ஒதுங்கியவர்கள் செய்யும் காரியம் இல்லையே இது. பத்தியை முழுதாகப் படித்தவருக்கு 'இ' பொருந்துகிறது, பாதி படித்தவருக்கு 'அ' பொருந்துகிறது. விடைக்குறிப்போ பாதி படித்தவருக்கு மதிப்பெண் கொடுத்திருக்கிறது.

அப்படியானால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் போட்டுவிடலாமா?

இந்தத் தேர்வுக்கு அதுதான் நியாயம், போட்டுவிடுங்கள். தண்டனைக்கு அஞ்சினர் என்பதும் பத்திக்கு முற்றிலும் முரணானது அல்ல. வெளிப்படையாகப் பரிமாறாததற்கு அச்சமும் ஒரு காரணம்தான்.

ஆனால் வினா அதோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 'அ', 'இ' இரண்டையும் ஏற்றால் மேல்பாதியில் 20 பேரும் கீழ்பாதியில் 17 பேரும் சரி. p 0.93 ஆகிறது, D 0.15. பிள்ளைகளுக்கு அநீதி நீங்கியது, வினாவால் எதையும் அளக்க முடியாமலும் போனது. அடுத்த முறைக்கு இரண்டில் ஒரு வழியாகத் திருத்த வேண்டும். 'அ'-வைத் தெளிவான தவறாக்க நினைத்தால் "தண்டனைக்கு அஞ்சி உதவுவதைக் கைவிட்டனர்" என்று எழுதலாம். பொட்டலங்கள் இருக்கும்போது அது பொய்யாகிவிடும், 'இ' ஒன்றே விடையாக நிற்கும். வினா எளிதாகவே இருக்கட்டும் என்றால் "ஆட்சியரின் அறிவிப்பு எதைத் தடை செய்தது?" என்று, பத்தியில் நேரடியாக உள்ளதைக் கேட்டுவிடலாம்.

முதல் வழியையே நான் எடுப்பேன். அந்த 'ஆனால்' வாக்கியத்துக்காகத்தானே இந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்தோம்.

D மைனஸில் வந்தாலே இரண்டு விடை இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. அதைவிடச் சாதாரணமான காரணம் விடைக்குறிப்பில் பிழை. 9ஆம் வினா, அணி வேதாரண்யத்தை அடைந்த நாள். விடை ஏப்ரல் 28. விடைக்குறிப்பில் ஏப்ரல் 30 என்று ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பாதியில் 30 என்று எழுதியவர் 2 பேர், கீழ்பாதியில் 6 பேர். p 0.20, D −0.20. 'பிள்ளைகளுக்குத் தேதி நினைவில் நிற்கவில்லை, கடினமான வினா' என்று கடந்துபோக வாய்ப்பு அதிகம். தெரிவுவாரியாகப் பார்த்தால் 28 என்று மேல்பாதியில் 18 பேரும் கீழ்பாதியில் 11 பேரும் எழுதியிருக்கிறார்கள். குறிப்பைத் திருத்தியதும் p 0.73, D 0.35. வினாவில் ஒரு குறையும் இல்லை.

பிழையான விடைக்குறிப்பும் இரட்டை விடையும் எண்களில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் மேல்பாதி ஒரே 'தவறான' தெரிவில் கூடியிருக்கும். பிரித்தறியப் பத்தியைத்தான் திறக்க வேண்டும்: அந்தத் தெரிவு மட்டும் சரியென்றால் குறிப்பில் பிழை, இரண்டுமே நிற்குமென்றால் வினாவில் பிழை.

D மைனஸுக்குப் போகாமல் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் மூன்றாவது வகையும் உண்டு. யாரும் எங்கும் கூடாமல் நான்கு தெரிவுகளிலும் பத்துப் பத்துப் பேராகச் சிதறியிருப்பார்கள். "அறிவிப்பைப் பற்றிய கூற்றுகளுள் பொருந்தாதது அல்லாதது எது?" என்ற 4ஆம் வினா அப்படி. மேல்பாதியில் 6, கீழ்பாதியில் 5, p 0.28, D 0.05. நான்கு தெரிவில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 0.25 வரும். இங்கே பத்தி புரியவில்லை என்பதற்குச் சான்றே இல்லை, வினா வாக்கியம்தான் யாருக்கும் புரியவில்லை. இரட்டை எதிர்மறையை எடுத்துவிட்டால் போதும்.

எளிய வினாவுக்கு D குறைவாக வருகிறது. அதை நீக்கிவிட வேண்டுமா?

வேண்டாம், முதலில் D எவ்வளவு வர முடியும் என்று பாருங்கள். 40 பேரில் 38 பேர் சரியாக எழுதினால் தவறியவர் இரண்டே பேர். இருவருமே கீழ்பாதியில் இருந்தாலும் வித்தியாசம் 2தான், D 0.10க்கு மேல் ஏறவே முடியாது. எல்லோரும் சரியாக எழுதினால் D பூஜ்யம். பிரிப்பதற்கு ஆளே இல்லாத இடத்தில் 'இது பிரிக்கவில்லை' என்று வினாவைக் குறை சொல்வதில் பொருளில்லை. பத்திக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஒன்றிரண்டு எளிய வினாக்களைத் தெரிந்தே முன்னால் வைக்கிறோம். அவற்றின் D-யைப் பார்க்கவே வேண்டாம்.

D-யை நம்பிப் படிக்க ஏற்றது p 0.30 முதல் 0.80 வரை உள்ள வினாக்கள். அந்த வரம்புக்குள் இருந்தும் D தாழ்ந்தால் சந்தேகப்படுங்கள்.

எண்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அப்படியும் வினா பழுதாக இருக்க முடியுமா?

முடியும். உரைப்பத்தி வினாக்களில் மிகப் பெரிய பழுதே இந்த எண்களுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பதுதான். பத்தியைப் படிக்காமலே விடை சொல்ல முடிகிற வினாவைச் சொல்கிறேன்.

3ஆம் வினா: "வேதாரண்ய உப்புச் சத்தியாகிரகத்துக்குத் தலைமை தாங்கியவர் யார்?" மேல்பாதியில் 20, கீழ்பாதியில் 18; p 0.95, D 0.10. முன் பதிலில் சொன்னபடி அந்த p-க்கு D இதற்கு மேல் வராது. எண்களைப் பொறுத்தவரை குற்றமற்ற எளிய வினா. ஆனால் சமூக அறிவியல் பாடத்தையோ ஏதாவது பேச்சுப் போட்டியையோ எட்டிப் பார்த்த பிள்ளைக்குப் பத்தி தேவையே இல்லை. இங்கே அளக்கப்பட்டது வாசிப்பு அல்ல, வரலாற்று நினைவு.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. பொது அறிவு உள்ள பிள்ளைகள்தான் பெரும்பாலும் மொத்த மதிப்பெண்ணிலும் மேலே இருப்பார்கள். ஆகவே பத்தி தேவைப்படாத வினா சற்றுக் கடினமாக இருந்தால் D 0.40, 0.50 என்று அழகாக வந்து நிற்கும். மொத்த மதிப்பெண்ணோடு ஒத்துப்போகிறதா என்பது ஒன்றுதான் D-க்குத் தெரியும். அந்த ஒற்றுமை எதனால் வந்தது என்று அதற்குத் தெரியாது.

இதைப் பிடிக்க ஒரே வழி, பத்தியை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் கொடுப்பது. இந்தத் தேர்வை எழுதாத பக்கத்துப் பிரிவு இருந்தால் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். "பத்தி இல்லை, தெரிந்ததைக் குறியுங்கள், மதிப்பெண் கிடையாது" என்று சொன்னால் போதும். 40 பேர் எழுதினால் ஒவ்வொரு வினாவிலும் தற்செயலாகவே ஏறக்குறைய 10 பேருக்குச் சரியாக விழும். ஏழெட்டிலிருந்து பதின்மூன்று வரை வருவது இயல்பு. பதினாறைத் தாண்டினால் வினாவில் ஏதோ கசிகிறது.

கசிவு எப்போதும் பொது அறிவினால்தான் என்று சொல்ல முடியாது. நாம் நல்லதென்று பாராட்டிய 7ஆம் வினாவின் தெரிவுகளை இப்போது பாருங்கள்: "அஞ்சிப் பணிந்தனர்", "வெளிப்படையாக எதிர்த்தனர்", "தண்டனைக்கு இடம் தராத வகையில் அறிவிப்பை மீறினர்", "கண்டுகொள்ளவில்லை". விடை மூன்றாவது. அது மட்டும் நீளம், அது மட்டும் நுணுக்கம். தேர்வு எழுதிப் பழகிய பிள்ளை பத்தியைத் தொடாமலே அதில் கை வைக்கும். மற்ற மூன்றையும் அதே நீளத்துக்கு இழுத்து எழுதினால் D சற்றுக் குறையலாம். குறைந்தாலும் அந்த D வாசிப்பைப் பற்றியதாக இருக்கும்.

வேறு இரண்டு கசிவுகளையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். ஒரு வினா வாக்கியத்திலேயே இன்னொரு வினாவின் விடை இருப்பது ஒன்று. "மரக்கிளைகளில் பொட்டலங்கள் தொங்கவிட்ட மக்கள்..." என்று 8ஆம் வினா தொடங்கினால் 6ஆவதில் பொட்டலங்கள் எங்கே இருந்தன என்று கேட்டு என்ன பயன்? இன்னொன்று, தவறான தெரிவுகள் எவருக்கும் தவறாகத் தெரியும்படி இருப்பது. 5ஆம் வினாவில் 'தொண்டர்களை வெறுத்தனர்' என்பதை நாற்பது பேரில் ஒருவர்தான் எடுத்தார். அப்படிப்பட்ட தெரிவு தாளில் இடத்தை அடைக்கிறதே தவிர வேலை செய்யவில்லை.

ஒரே பத்தியிலிருந்து வந்த பத்து வினாவில் ஒன்பதுக்கும் D மிக நன்றாக வருகிறது. மகிழலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பத்தியின் மையத்தையே தவறாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை அதைச் சார்ந்த எல்லா வினாவிலும் சேர்ந்தே சறுக்கும். நம் பத்தியில் திருத்திய 5ஆம் வினா, 7ஆம் வினா இரண்டும் மக்கள் மறைமுகமாக மீறினார்கள் என்ற ஒரே கருத்தைத்தான் கேட்கின்றன. ஒன்று தெரிந்தவருக்கு மற்றதும் தெரியும். இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் வினாக்களின் D, அவற்றின் தகுதியைவிட உயர்ந்தே வரும்.

மொத்த மதிப்பெண்ணில் அந்த வினாவின் மதிப்பெண்ணும் கலந்திருக்கிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். இருபது வினாவில் அது பெரிய சிக்கல் இல்லை. ஐந்தே வினா உள்ள தேர்வில் ஒவ்வொரு வினாவும் தன்னையே தூக்கி நிறுத்தும், அங்கே D-யைக் கணக்கிடாமல் இருப்பதே நல்லது. முதல் பத்தி வினாக்களைச் சோதிக்க இரண்டாம் பத்தி மதிப்பெண்ணை வைத்து மேல்பாதி, கீழ்பாதி பிரித்துப் பாருங்கள். இரண்டு சிக்கலும் ஒன்றாக விலகும். அப்படியும் D நிற்கும் வினா உண்மையிலேயே நல்ல வினா.

எக்செல்லில் போட்டால் எப்படி?

முதல் வரிசையில் விடைக்குறிப்பு, 2 முதல் 41 வரை மாணவர்களின் விடை எழுத்துகள், மொத்த மதிப்பெண்ணின்படி இறங்குவரிசையில். 5ஆம் வினா F நெடுவரிசையில் இருந்தால், முதல் வரி p, இரண்டாவது D, மூன்றாவது மேல்பாதியில் 'இ' எடுத்தவர்கள்:

```
=COUNTIF(F2:F41,F$1)/40
=(COUNTIF(F2:F21,F$1)-COUNTIF(F22:F41,F$1))/20
=COUNTIF(F2:F21,"இ")
```

சரிக்கு 1, தவறுக்கு 0 என்று பதியாதீர்கள். எழுத்தாகவே பதியுங்கள். 1, 0 என்று பதிந்தால் பன்னிரண்டு பேர் 'இ'-யில் நின்றது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

கணினி இல்லையென்றால் வகுப்பிலேயே கை தூக்கச் சொல்லியும் எண்ணலாம். ஆனால் யார் கீழ்பாதி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடக் கூடாது. பெயர் தெரியாதபடி மடித்து, மேல்பாதியா கீழ்பாதியா என்று நமக்கு மட்டும் தெரியும்படி மூலையில் சிறு குறியிட்டு, தாள்களைக் கலந்து வேறு பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

இரண்டு மதிப்பெண் குறுவினாவுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். சரியானவர்களை எண்ணும் இடத்தில் பெற்ற மதிப்பெண்களைக் கூட்டுங்கள். இரண்டு மதிப்பெண் வினாவில் 20 பேர் கொண்ட பாதி அதிகபட்சம் 40 பெறலாம். மேல்பாதி 31, கீழ்பாதி 14 பெற்றால் p = 45/80, அதாவது 0.56. D = 17/40, அதாவது 0.43.

இங்கே D தாழ்ந்தால் வினாவைப் பார்ப்பதற்கு முன் திருத்திய விதத்தைப் பாருங்கள். பத்தியின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதியவருக்கு முழு மதிப்பெண்ணும், சொந்த நடையில் எழுதியவருக்கு ஒரு மதிப்பெண்ணும் போட்டிருந்தால் மேல்பாதிதான் அடிபட்டிருக்கும்.

என் வகுப்பில் பதினெட்டுப் பேர்தான். இதைச் செய்து பயன் உண்டா?

p, D இரண்டையும் பதினெட்டுப் பேரிடம் நம்ப முடியாது. நாற்பது பேர் வகுப்பிலேயே பாதிப் பாதியாகப் பிரித்த D-யில் ஏறத்தாழ 0.15 நியமப்பிழை இருக்கும். இன்று 0.20 வந்த வினா இதே தரமுள்ள இன்னொரு வகுப்பில் 0.05 என்றோ 0.35 என்றோ வந்தால் வியப்பில்லை. ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் ஆட்டம் இன்னும் அதிகம். அதனால் 0.18ஐ நீக்கி 0.22ஐ வைத்துக்கொள்வது போன்ற முடிவுகளைச் சிறு வகுப்பில் எடுக்கவே கூடாது.

தெரிவுவாரி அட்டவணை மட்டும் சிறு வகுப்பிலும் உதவும். நன்றாகப் படிக்கும் ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரே தவறான தெரிவில் இருந்தால், D என்ன சொன்னாலும் அந்த வினாவை எடுத்துப் பாருங்கள். ஆறில் இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, "பத்தியில் எந்த வரியைப் பார்த்து இதைக் குறித்தாய்?" என்று கேளுங்கள். 'ஏன் தவறாக எழுதினாய்' என்று தொடங்கினால் பிள்ளை உடனே விடையை மாற்றிக்கொள்ளும், காரணம் வராது. வரியைக் காட்டச் சொன்னால் விரல் ஏதாவது ஓர் இடத்தில் நிற்கும். 5ஆம் வினாவில் அது 'ஆனால்' மீது நிற்கும்.

எண்களைச் சேர்த்துவைக்க ஒரு வினாவுக்கு ஓர் அட்டை போதும். மேலே வினா, பின்பக்கத்தில் தேதி, வகுப்பு, மேல்பாதி எண், கீழ்பாதி எண், தெரிவுவாரி எண்ணிக்கை. p, D-யைவிட அடிப்படை எண்ணிக்கைகளை எழுதுவது நல்லது. அடுத்த ஆண்டு வகுப்பின் எண்ணிக்கையை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். ஆனால் வினாவில் ஒரு சொல்லை மாற்றியிருந்தாலும் பழைய எண்ணிக்கையோடு சேர்க்காதீர்கள், புது அட்டை போடுங்கள்.